பட்டியலுக்கு அப்பால்: தன்விவரக் குறிப்பைப் படிக்கும் முறை

(புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளர்களுக்கான பயிலரங்கில் சிறுதொழில் உரிமையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கில் பயோடேட்டா என்று சொல்லப்படும் தன்விவரக் குறிப்பை எவ்வாறு படிப்பது என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள். பொதுவாகப் பேசினால் இப்பொருள் கையில் அகப்படாது. ஆகவே கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறு தொழிற்கூடத்தில், ஒரே ஓர் இடத்திற்கு ஆள் எடுத்த கதையை முழுமையாகச் சொல்லி, அதன் வழியே விஷயத்தைப் பார்ப்பது நலம்.

அத்தொழிற்கூடத்தில் 38 பேர் வேலை செய்கின்றனர். பம்புகளுக்கு வேண்டிய தண்டுகளையும் பேரிங் கூடுகளையும் கடைந்து தருவது அதன் தொழில். வாங்குபவர்கள் பெரிய பம்பு நிறுவனத்தார். அவர்கள் கேட்கும் ஒரு தண்டின் விட்டம் 25 மில்லிமீட்டர். அது 25.000க்கு மேல் போகக்கூடாது, 24.987க்குக் கீழும் இறங்கக்கூடாது. அதாவது அனுமதிக்கப்பட்ட இடைவெளி 0.013 மில்லிமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஒரு சிறு பங்கே அது. இந்த அளவைச் சரிபார்த்துச் சரக்கை வெளியே அனுப்பும் தர ஆய்வாளர் ஒருவரே அங்கு தேவைப்பட்டார்.

அவ்விடம் காலியானதே ஒரு வருத்தமான நிகழ்ச்சியால்தான். முன்பு அப்பதவியில் இருந்தவர், விளம்பரத்தில் கேட்டிருந்த ஏழு தகுதிகளையும் உடையவராக இருந்தார். மெக்கானிக்கல் படிப்பு, மூன்றாண்டு அனுபவம், சி.எம்.எம். எனப்படும் முப்பரிமாண அளவுப் பொறியில் பயிற்சி, ஐ.எஸ்.ஓ. 9001 பற்றிய அறிவு, எக்செல், ஆங்கிலம், சொந்த இருசக்கர வாகனம். எல்லாவற்றிற்கும் எதிரே டிக் குறி விழுந்தது. அவர் சேர்ந்த நான்காம் மாதத்தில் 240 தண்டுகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் ஒரு முனையில் சரியான அளவிலும் மறுமுனையில் சற்றுப் பருத்தும் இருந்தன. கடைசல் பட்டறையில் டேப்பர் என்று சொல்வார்களே, அதுதான். ஆய்வாளர் ஒவ்வொரு தண்டையும் நடுவில் ஓரிடத்தில் மட்டும் அளந்து, சரி என்று முத்திரை இட்டிருந்தார்.

பழியை அம்மனிதர்மேல் போட்டு முடித்துவிடுவது எளிது. அது நியாயமாகாது. அவர் முன்னர் வேலை பார்த்த இடங்களில் குளிரூட்டப்பட்ட அறையில் சி.எம்.எம். பொறி இருந்தது, எந்த இடங்களில் அளக்கவேண்டும் என்பதை நிரலே தீர்மானித்தது. கையில் மைக்ரோமீட்டரைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எங்கே அளந்து பார்க்கலாம் என்று தாமே யோசிக்க வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்ததே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிறு தொழிற்கூடத்தில் சி.எம்.எம். பொறியே கிடையாது. தேவைப்படும்போது மாதம் இரண்டு மூன்று முறை வெளியே அனுப்பி அளந்து வாங்குவார்கள். பின் அந்தத் தகுதி பட்டியலில் எப்படி நுழைந்தது? ஒரு பெரிய நிறுவனம் செய்தித்தாளில் வெளியிட்ட விளம்பரத்தைப் பார்த்து, அலுவலகத்தில் யாரோ அப்படியே எழுதி எடுத்ததுதான் அந்தப் பட்டியல். பெரும்பாலான சிறு நிறுவனங்களின் பட்டியல்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஒன்று, பிறருடையதைப் பார்த்து எழுதியவை. அல்லது விட்டுப்போனவரிடம் என்னென்ன இருந்ததோ அவற்றை வரிசைப்படுத்தியவை. வேலை என்ன கேட்கிறது என்று பார்த்து எழுதியவை மிகச் சில.

இம்முறை உரிமையாளர் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் வேறொன்றை எழுதத் தொடங்கினார். புதிதாக வருபவர் முதல் தொண்ணூறு நாட்களில் என்னென்ன செய்தாகவேண்டும் என்பதே அது. காலையில் முதல் உருப்படியை ஒவ்வொரு இயந்திரத்திலும் அளந்து ஒப்புதல் தரவேண்டும். ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை சுற்றிவந்து அளவு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனிக்கவேண்டும். சரியில்லாத சரக்கைத் தனியே வைத்துச் சிவப்பு அட்டை கட்டவேண்டும். இருபதாண்டு அனுபவம் உள்ள டர்னரிடம், ‘அண்ணே, இது போகாது’ என்று சொல்லும் உறுதி வேண்டும். வாங்குபவரின் புகாருக்குப் பதில் எழுதவேண்டும்.

பின்பு ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு கேள்வியை எழுதினார்: இதை உள்ளே வந்தபின் எத்தனை வாரத்தில் கற்பிக்கலாம்? எக்செல்லில் அளவுகளைப் பதிவது இரண்டு வாரம். ஐ.எஸ்.ஓ. படிவங்களை நிரப்புவது மூன்று வாரம். வரைபடத்தில் உள்ள குறியீடுகள், ஓரளவு தெரிந்தவருக்கு ஒரு மாதம். புகாருக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது, மாதிரிக் கடிதங்கள் இருந்தால் இரண்டு மாதம். ஆனால் ஒரு முடிவு ஐயத்திற்கு இடமாக இருக்கும்போது மறுபடியும் அளந்து பார்க்கும் பழக்கத்தைக் கற்பிக்க எத்தனை வாரம் ஆகும்? அதற்கு எதிரே அவரால் எண் எதையும் எழுத முடியவில்லை. மூத்தவரிடம் மறுத்துச் சொல்லும் உறுதிக்கு எதிரேயும் அவ்வாறே.

எண் எழுத முடியாத அந்த இரண்டு வரிகளே தன்விவரக் குறிப்பில் தேடவேண்டியவை. எண் எழுத முடிந்தவை எல்லாம் வந்தபின் கற்பிக்கத் தகுந்தவை. பழைய பட்டியலோ முழுக்க முழுக்க இரண்டாம் வகையால் நிரம்பியிருந்தது. கற்பிக்க முடிந்தவற்றை வாசலில் கேட்டுவிட்டு, கற்பிக்க முடியாதவற்றை உள்ளே வந்தபின் எதிர்பார்த்ததுதான் அங்கே நேர்ந்த பிழை.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். சில வேலைகளில் பட்டியல் என்பது சட்டமே. கொதிகலனை இயக்குபவருக்கு அதற்குரிய சான்றிதழ் வேண்டும். உயர் மின்னழுத்த வேலையை மேற்பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்கு உரிமம் வேண்டும். அவற்றில் ‘கற்றுக்கொள்வார்’ என்று கருணை காட்ட இடமில்லை. புதிய மேலாளர் முதலில் செய்யவேண்டியது, தம் பட்டியலில் சட்டம் எது, வழக்கம் எது என்று பிரித்துக் கோடு போடுவதாகும்.

அந்த இடத்திற்கு 61 தன்விவரக் குறிப்புகள் வந்திருந்தன. அலுவலக உதவியாளர் பழைய வழக்கப்படி பட்டியலை வைத்துச் சலித்து, 7 பேரை மேசைமேல் வைத்தார். மிச்சம் 54 தாள்கள் அட்டைப் பெட்டிக்குள் போயின. உரிமையாளர் பெட்டியைத் திரும்பக் கொண்டுவரச் செய்து, 61 தாள்களையும் தாமே படித்தார். தாள் ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரத்திற்குச் சற்றே மேல். திரும்பி வந்த 240 தண்டுகளைத் தரம் பிரிக்க இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் பிடித்தது என்பதை நினைத்தால், மூன்று மணி நேரம் பெரிதன்று.

மேசைமேல் இருந்த ஏழில் ஒன்றையும், பெட்டியிலிருந்து எழுந்துவந்த ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு, படிக்கும் முறை விளங்கும்.

முதலாவது மூன்று பக்கம். அழகிய அச்சு. மூன்று நிறுவனங்கள், ஆறு ஆண்டுகள், மூன்றிலும் தர ஆய்வாளர் என்ற ஒரே பதவி. ஒவ்வொரு நிறுவனத்தின் கீழும் பொறுப்புகள் என்ற தலைப்பில் ஐந்து வரிகள். மூன்று இடத்திலும் அதே ஐந்து வரிகள், ஒரு சொல்லும் மாறாமல். ‘உள்வரும் பொருள்களை ஆய்வு செய்தல், ஆவணங்களைப் பராமரித்தல்’ என்பன போன்றவை. அவ்வரிகள் அந்தப் பதவியில் யார் இருந்தாலும் பொருந்தும். அந்த மனிதர் அங்கே இருந்ததால் என்ன மாறியது என்பதை அவை சொல்லவில்லை. இதனால் அவர் திறமையற்றவர் என்று ஆகிவிடாது. எழுதத் தெரியாதவராக இருக்கலாம். ஆனால் தாளில் இல்லாத ஒன்றை இருப்பதாகப் படிக்கவும் கூடாது.

இரண்டாவது ஒரே பக்கம். ஆங்கிலம் பிழைகள் மலிந்தது. எழுதியவர் ஒரு பெண். 2014இல் பிளஸ் டூ முடித்ததும் ஒரு பம்பு நிறுவனத்தில் பொட்டலம் கட்டும் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறார். 2015இல் அதே நிறுவனத்தில் செக்கிங். 2016 முதல் 2020 வரை அதே வேலை. அதே ஆண்டுகளில் பகுதிநேரப் பாலிடெக்னிக் டிப்ளமா. 2020 முதல் 2022 வரை எதுவும் இல்லை. 2022 முதல் ஒரு வார்ப்பாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தர். சி.எம்.எம். இல்லை. தர ஆய்வாளர் என்ற பதவிப் பெயர் எங்கும் இல்லை. உதவியாளர் அதைப் பெட்டியில் போட்டதற்கு நான்கு காரணங்களைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்: அனுபவம் பொருந்தவில்லை, ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, இரண்டாண்டு இடைவெளி, சான்றிதழில் உள்ள இனிஷியலும் தாளில் உள்ள இனிஷியலும் வேறு.

நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார் உரிமையாளர். இனிஷியல் மாறியது திருமணத்தினால். தந்தை பெயரின் முதலெழுத்து போய்க் கணவர் பெயரின் முதலெழுத்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்களின் விண்ணப்பங்களைப் படிப்பவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது பிழையன்று. பகலில் வேலை, மாலையில் படிப்பு. ஒழுங்காக அடுக்கிய ஆண்டுகளையே எதிர்பார்க்கும் கண்ணுக்கு அது பொய் போலத் தோன்றும். உண்மையில் அத்தாளில் இருந்த மிக வலுவான சான்றுகளில் அது ஒன்று. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, பேருந்து ஏறி வகுப்புக்குப் போய், நான்காண்டுகள் விடாமல் இருந்து முடித்திருக்கிறார். இரண்டாண்டு இடைவெளிக்குத் தாளில் விளக்கம் இல்லை. இடைவெளி என்பது ஒரு கேள்வி. நேரில் கேட்டால் தெரிந்துவிடப் போகிற ஒன்றை, கேட்காமலே ஊகித்து ஒருவரை விலக்குவதில் பொருளில்லை.

மீதம் இருந்தது அனுபவம். தாளின் அடியில், கணினிப் பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் நடுவே ஒரு வரி இருந்தது. திருத்திச் சொன்னால் அதன் பொருள் இது: ‘செக்கிங்கில் இருந்தபோது கேஜ்களுக்குப் பதிவேடு தொடங்கினேன், அதற்குமுன் அங்கே பதிவேடு இல்லை.’

தொழில் அறியாதவருக்கு இவ்வரி ஒன்றுமில்லை. அறிந்தவருக்கு அது நின்று படிக்கவேண்டிய இடம். மைக்ரோமீட்டரும் பிளக் கேஜும் நாளடைவில் தேயும். தேய்ந்த கருவி பொய் சொல்லும். எந்தக் கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது, அடுத்து எப்போது அனுப்பவேண்டும் என்ற பதிவேடு இல்லாத பட்டறையில், அளப்பவர் தம் கையில் உள்ள கருவியை நம்பியே வாழவேண்டும். ஒரு செக்கர், அதுவும் பொட்டலம் கட்டும் வேலையிலிருந்து வந்த ஓராண்டுக்காரர், கருவியையே ஐயுற்றிருக்கிறார். ஐயுற்றதோடு நில்லாமல் நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு போட்டிருக்கிறார். வெள்ளைத்தாளில் எண் எழுத முடியாமல் நின்ற முதல் வரி இதுதான்.

வளரும் இயல்பைத் தாளில் தேடுவோர் பார்க்கவேண்டியது இத்தகைய வரிகளையே. ‘கடின உழைப்பாளி’, ‘விரைவில் கற்பவர்’ என்று தம்மைத்தாமே கூறிக்கொள்ளும் சொற்களுக்கு எடை இல்லை. அறுபத்தொரு தாளில் நாற்பதுக்கு மேல் அவை இருந்தன. ஒருவர் எங்கே தொடங்கினார், எங்கே நிற்கிறார், இடையில் யாரும் கேட்காமலே எதைச் செய்தார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியும். மேலே நிற்பவரைவிட, கீழிருந்து ஏறிக்கொண்டிருப்பவர் சில வேலைகளுக்கு ஏற்றவர். எல்லா வேலைக்கும் அன்று.

அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கையை நம்புவோருக்கு ஒரு செய்தி. 1998ஆம் ஆண்டில் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், ஆள் தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். ஒருவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில், வேலையின் ஒரு பகுதியையே செய்துகாட்டச் சொல்லும் தேர்வும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் ஒழுங்கான நேர்காணலும் முன்னணியில் நின்றன. அனுபவ ஆண்டுகளும் படித்த ஆண்டுகளும் மிகவும் பின்தங்கின. 2022இல் சாக்கெட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் அக்கணக்கைத் திருத்தி, பல முறைகளின் மதிப்பெண்ணைக் குறைத்தனர். அப்போதும் ஒழுங்கான நேர்காணல் முதல் வரிசையில் நின்றது, அனுபவ ஆண்டுகள் கீழேயே இருந்தன. ஆகவே தாளைப் படிப்பதால் முடிவு கிடைப்பதில்லை. யாரைச் சோதித்துப் பார்ப்பது என்ற தீர்மானம் மட்டுமே கிடைக்கும்.

அந்த உரிமையாளரும் அவ்வாறே செய்தார். மேசையிலிருந்து மூவர், பெட்டியிலிருந்து மூவர் என அறுவரை அழைத்தார். வந்தவர் அனைவருக்கும் பேருந்துக் கட்டணமும் அரை நாள் ஊதியமும் கொடுத்தார். சோதனை என்ற பெயரில் இலவச வேலை வாங்குவது கேவலம். ஒவ்வொருவர் முன்னும் ஐந்து தண்டுகள், ஒரு வரைபடம், 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியர் காலிப்பர் ஒன்று, 0.001 வரை காட்டும் மைக்ரோமீட்டர் ஒன்று, ஒரு துணி ஆகியவை வைக்கப்பட்டன. எவை போகலாம், எவை போகக்கூடாது என்று அரை மணி நேரத்தில் எழுதித் தரவேண்டும்.

ஐந்தில் ஒன்றுக்கு டேப்பர் இருந்தது. ஒன்று வட்டமாக இல்லாமல் சற்று நீள்வட்டமாக இருந்தது. ஒன்று அளவில் குறைந்தது. ஒன்று சரியானது. ஐந்தாவதும் சரியானதே, ஆனால் அதன்மேல் எண்ணெயும் மெல்லிய பிசிறும் ஒட்டியிருந்ததால், துடைக்காமல் அளந்தால் தவறாகக் காட்டும்.

உரிமையாளர் விடைத்தாளைவிடக் கைகளையே அதிகம் கவனித்தார். 0.013 இடைவெளியை 0.02 வரை மட்டுமே காட்டும் கருவியால் தீர்மானிக்க முடியாது. எந்தக் கருவியைக் கை முதலில் நாடுகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். இருவர் வெர்னியரை எடுத்தனர். அவர்களில் ஒருவர் ஆறாண்டு அனுபவமும் மூன்று பக்கமும் உடையவர். இதனால் ஒன்றும் முற்றாக முடிந்துவிடவில்லை. பழக்கத்தினால் எடுத்தவர் தாமே திருத்திக்கொள்ளவும் கூடும். அவர் திருத்திக்கொள்ளவில்லை. அந்தப் பெண் மைக்ரோமீட்டரை எடுத்து, அதன் இரு முகங்களையும் துணியால் துடைத்து, மூடிப்பார்த்து, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று கவனித்தார். நிற்கவில்லை, 0.002 தள்ளி நின்றது. அதை விடைத்தாளின் தலைப்பில் எழுதிவைத்துவிட்டு, ஒவ்வோர் அளவிலும் கழித்துக்கொண்டார். தண்டின் இரு முனைகளிலும் நடுவிலும் அளந்தார். டேப்பர் அகப்பட்டது. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் ஒரே திசையில்தான் அளந்தார். தண்டைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளக்கவில்லை. ஆகவே நீள்வட்டமான தண்டு அவர் கண்ணுக்குத் தப்பிச் ‘சரி’ என்ற பட்டியலில் போய் விழுந்தது. அறுவரில் ஐந்தையும் சரியாகச் சொன்னவர் ஒருவரே; பெட்டியிலிருந்து வந்த ஓர் ஐ.டி.ஐ. டர்னர் அவர்.

பின்பு அறுவரிடமும் ஒரே நான்கு கேள்விகள் கேட்கப்பட்டன. உரிமையாளரும் உற்பத்தி மேற்பார்வையாளரும் தனித்தனியே மதிப்பெண் எழுதி, பிறகே ஒப்பிட்டனர். கேள்விகளில் ஒன்று: மூத்தவர் ஒருவர் ‘அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்ன சரக்கை நிறுத்திய நிகழ்ச்சி உண்டா, அதன்பின் என்ன நடந்தது? டர்னர் நேர்மையாக, அப்படி ஒன்று நடந்ததில்லை, நடந்திருந்தால் அனுப்பியிருப்பேன் என்றார். அந்தப் பெண் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். முடிவில் மேற்பார்வையாளர் தம்மிடம் ஒரு வாரம் பேசவில்லை என்பதையும் சொன்னார். முன்னைய நிறுவனத்திற்குத் தொலைபேசியில் கேட்டபோது கேஜ் பதிவேடும் உண்மை, அந்த ஒரு வாரமும் உண்மை என்று தெரிந்தது. இரண்டாண்டு இடைவெளி பிரசவத்திற்கும் குழந்தைக்கும் உரியது. இதுவும் அவராகச் சொன்னது. குடும்பத்தைப் பற்றிய கேள்வி நான்கில் ஒன்றாக இல்லை.

நீள்வட்டத்தைக் கண்டுபிடிக்காதவரையா எடுப்பது என்று மேற்பார்வையாளர் கேட்டார். தண்டைத் திருப்பி அளக்கக் கற்பிக்க எத்தனை நேரம் ஆகும் என்று உரிமையாளர் திருப்பிக் கேட்டார். ஐந்து நிமிடம். அந்தப் பெண் ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். ஐ.டி.ஐ. டர்னரை விட்டுவிட மனமில்லாமல், அடுத்த மாதம் காலியாகவிருந்த இயந்திரம் அமைப்பவர் வேலைக்கு அவரை எடுத்துக்கொண்டனர். அவருடைய கைக்கு அதுவே பொருத்தம்.

அதன்பின் எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். மூன்றாம் வாரத்தில் அந்தப் பெண் வரைபடத்திலிருந்த ஒரு வடிவக் குறியீட்டைத் தவறாகப் படித்து, நல்ல பேரிங் கூடுகள் 40ஐ நிராகரித்துவிட்டார். சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போயிற்று. ஆங்கிலக் கடிதங்களை ஐந்து மாதம் வரை உரிமையாளரே திருத்த வேண்டியிருந்தது. இவை எதிர்பார்த்த செலவுகள். வெள்ளைத்தாளில் வாரக்கணக்காக முன்பே எழுதப்பட்டவை. ஆனால் டேப்பர் உள்ள தண்டு அதன்பின் திரும்பி வரவில்லை.

இதே உரிமையாளர் அதற்கடுத்த ஆண்டு இதே முறையில் இன்னொருவரை எடுத்துத் தோற்றதையும் சொல்லவேண்டும். கொள்முதல் பிரிவுக்கு ஓர் இளைஞர். சாய்வு நன்றாக இருந்தது. சோதனையும் நன்றாகச் செய்தார். ஆனால் அவரைக் கற்பிக்க வேண்டிய மூத்தவர் அந்த மாதமே ஓய்வு பெற்றார். கேட்பதற்கு ஆளில்லாமல் இரண்டு மாதம் தடுமாறிவிட்டு இளைஞர் விலகினார். வளரும் இயல்புள்ளவரை எடுப்பவர், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கற்பிக்க யார் என்ற பெயரை முதலில் எழுதியாக வேண்டும். அந்தப் பெயர் இல்லையென்றால், பட்டியலுக்குப் பொருந்துபவரையே எடுப்பது இருவருக்கும் நல்லது.

இனிச் சற்றுக் கூச்சம் தரும் செய்தி. ‘இவரிடம் ஏதோ இருக்கிறது’ என்று தோன்றும்போது, அந்த ஏதோ ஒன்று பல சமயம் நம்மைப் போன்றே இருத்தல்தான். ஊர் ஒன்று, பள்ளி ஒன்று, உறவு, பேச்சு வழக்கு. பட்டியலாவது எல்லோருக்கும் ஒன்று, உள்ளுணர்வு அப்படியன்று. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு அறிஞர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. இந்தியச் செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, தகுதியில் ஒத்த விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். உயர்சாதிப் பெயர்களுக்கு அழைப்பு அதிகமாகவும், தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் குறைவாகவும் வந்தது. தாளில் வேறு வேற்றுமை எதுவும் இல்லை.

நம் ஊர்த் தன்விவரக் குறிப்புகளில் பெயர், தந்தை பெயர், மதம், சாதி, சொந்த ஊர், புகைப்படம் எல்லாம் கேளாமலே வந்துவிடும். ஆகவே அந்த உரிமையாளர் படிக்குமுன் உதவியாளரிடம் கொடுத்து, தாளின் தலைப்பையும் ‘சொந்த விவரங்கள்’ பகுதியையும் மடித்துப் பின் குத்தி, எண் மட்டும் இடச் செய்கிறார். பாலினம் முழுவதும் மறையாது. இடைவெளி, இனிஷியல் போன்றவை காட்டிக்கொடுத்துவிடும். எனினும் பாதியளவு மறைவதே பெரிய உதவி. சிபாரிசில் வரும் உறவினர் பிள்ளைகளின் தாளும் அதே கட்டில், அதே மடிப்போடு போகும். சென்ற ஆண்டு பங்குதாரரின் மைத்துனர் மகன் ஐந்து தண்டில் இரண்டை மட்டும் சரியாகச் சொன்னார். பங்குதாரர் தாமே விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு பேசவில்லை. வீட்டு விருந்தில் சில நாள் முகம் கறுத்தது உண்டு.

கடைசியாக ஒரு சிறு பழக்கம். ஒருவரை எடுத்ததும் அவருடைய தன்விவரக் குறிப்பின் பின்புறத்தில், ஏன் எடுத்தோம், எதில் தடுமாறுவார் என்று மூன்று வரி எழுதி, தேதியிட்டு, உறையில் இட்டு ஒட்டிவிடுகிறார் அவர். ஆறு மாதம் கழித்து மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பிரிக்கிறார். அந்தப் பெண்ணின் உறையில், ‘ஆங்கிலத்தில் தடுமாறுவார், மூத்த டர்னர்களோடு உரசல் வரும், கருவிகளை நன்றாக வைத்துக்கொள்வார்’ என்று இருந்தது. முதலாவதும் மூன்றாவதும் சரி. இரண்டாவது தவறு, மூத்த டர்னர்கள் இருவர் தங்கள் மைக்ரோமீட்டர்களைத் தாங்களாகவே அவரிடம் கொண்டுவந்து கொடுத்து, பூஜ்யம் பார்த்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.